சோலார் ஹீட்டரா, கீசரா: போட்ட பணம் எத்தனை ஆண்டில் திரும்பும்?

சோலார் ஹீட்டர் எத்தனை ஆண்டில் தன் விலையை மீட்டுத்தரும் என்று கேட்டால், விற்பவர்கள் பெரும்பாலும் கலனின் கொள்ளளவைக் காட்டிப் பதில் சொல்கிறார்கள். 100 லிட்டர் கலன், நாள்தோறும் 60 டிகிரி வரை சூடாகும், ஆகவே இத்தனை யூனிட் மிச்சம் என்று கணக்கு ஓடுகிறது. அது கலனில் சூடான நீரின் கணக்கே தவிர, குழாயைத் திறந்து நாம் எடுத்துக்கொண்ட நீரின் கணக்கு அல்ல. மாலை வரை சூடேறி, மறுநாளும் யாரும் தொடாமல் கலனிலேயே கிடந்த வெந்நீர் ஒரு யூனிட் மின்சாரத்தைக்கூட மிச்சப்படுத்துவதில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு சோலார் ஹீட்டரை வாங்கியவன் நான். என் சாய்வு இன்றும் அந்தப் பக்கமே. ஆனாலும் எல்லா வீட்டுக்கும் அது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன்.

எல்லோருக்கும் தெரிந்தவற்றை விரைவாகக் கடந்துவிடலாம். கீசர் விலை குறைவு, குளியலறைச் சுவரிலேயே அடங்கிவிடும், எந்த நேரத்திலும் வெந்நீர் தரும். சோலார் ஹீட்டருக்குக் காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை நிழல் விழாத கூரையும், அதைவிட உயரத்தில் தண்ணீர்த் தொட்டியும் வேண்டும். நீர் உறையும் அளவுக்குக் குளிரும் இடங்களில் உறையாத திரவம் சுற்றிவரும் வேறு அமைப்பு தேவைப்படும், அதன் விலையும் கூடுதல். கீழே உள்ள கணக்கு நீர் உறையாத இடங்களுக்கானது.

முதலில் விலையைப் பணத்தில் எழுதாமல் மின்சார யூனிட்டில் எழுதிக்கொள்வது நல்லது. சோலார் ஹீட்டரைப் பொருத்தி முடிக்க ஆகும் மொத்தச் செலவிலிருந்து, எப்படியும் வாங்கியிருக்க வேண்டிய கீசரின் விலையைக் கழித்து, மீதியை ஒரு யூனிட் மின்சாரத்தின் விலையால் வகுக்க வேண்டும். விடை 3,000 என்று வருவதாக வைத்துக்கொள்வோம். சோலார் ஹீட்டருக்காகக் கூடுதலாகப் போட்ட பணம் 3,000 யூனிட்டுக்குச் சமம் என்பது அதன் பொருள். இனிமேல் தெரிய வேண்டியது, ஆண்டுக்கு எத்தனை யூனிட் மிச்சமாகிறது என்பது மட்டுமே. மின்சார விலை இரு மடங்கானால் இந்த 3,000 தானாகவே 1,500 ஆகிவிடும் என்பதால், எந்த ஊர்க் கட்டணத்துக்கும் இதே முறை பொருந்தும்.

மிச்சத்தைக் கணக்கிடத் தேவையான சூத்திரம் சிறியது. ஒரு லிட்டர் நீரை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1.16 வாட்-மணி தேவை; ஒரு யூனிட் என்பது 1,000 வாட்-மணி. ஆகவே:

யூனிட் = லிட்டர் × உயர வேண்டிய டிகிரி ÷ 860

நான்கு பேர் உள்ள வீட்டில் ஒவ்வொருவரும் குளிக்க 40 டிகிரி நீர் 30 லிட்டர் செலவழிக்கிறார்கள், குழாயில் வரும் தண்ணீர் 25 டிகிரியில் இருக்கிறது என்று கொள்வோம். 120 லிட்டரை 15 டிகிரி ஏற்ற வேண்டும்; 1,800 ஐ 860 ஆல் வகுத்தால் 2.1 யூனிட் வருகிறது. கீசரின் உடல் வழியாக வீணாகும் வெப்பத்துக்காக 0.3 யூனிட் சேர்த்தால் நாளொன்றுக்கு 2.4 யூனிட். வருடம் முழுவதும் இதில் 80 சதவீதத்தைச் சூரியன் பார்த்துக்கொள்வதாக எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு ஏறத்தாழ 700 யூனிட் மிச்சம். 3,000 ஐ 700 ஆல் வகுக்க, நான்கே கால் ஆண்டுகளுக்குச் சற்று மேல் ஆகிறது. இந்த 80 சதவீதம் நான் வைத்துக்கொண்ட அனுமானம். மேகமூட்டமான நாட்கள் அதிகமுள்ள இடத்தில் அதைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

லிட்டரையும் டிகிரியையும் அளக்க மனமில்லாதவர்களுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. கீசரில் எலிமென்ட் ஓடும்போது மட்டும் சிவப்பு விளக்கு எரியும். சில நாட்களுக்கு அது எரியும் நிமிடங்களைக் குறித்துவைத்தால் போதும். 2 கிலோவாட் கீசரில் அந்த விளக்கு ஒரு நாளில் மொத்தம் 72 நிமிடங்கள் எரிந்தால் செலவு 2.4 யூனிட். வீணாகும் வெப்பமும் அதற்குள்ளேயே அடங்கிவிடுவதால், சூத்திரத்தைவிட இந்த அளவையே நான் அதிகம் நம்புவேன்.

முடிவைத் தீர்மானிப்பது இந்த எண்ணிக்கைதான், ஹீட்டரின் தரமோ நிறுவனத்தின் பெயரோ அல்ல. மேலே சொன்ன வீட்டில் இரண்டே பேர் இருந்தால் குளியலுக்கு 1.05 யூனிட், வெப்ப இழப்பு அதே 0.3, ஆண்டு மிச்சம் 400 யூனிட்டுக்கும் கீழே இறங்கி, பணம் திரும்ப ஏழரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். நான்கு பேர் இருந்தும் ஆறு மாதம் மட்டுமே வெந்நீரில் குளிப்பார்கள் என்றால் நிலைமை இன்னும் மோசம். வெயில் கொளுத்தும் மாதங்களில் கலன் கொதித்துக்கொண்டிருக்கும், அதைத் தேடுவார் இருக்க மாட்டார்கள். வெந்நீர் தேவைப்படும் மாதங்களிலோ பகல் குறுகி, மேகமும் கூடி, சூரியனின் பங்கு 70 சதவீதமாகக் குறைந்துவிடும். 182 நாட்களுக்கு 2.4 யூனிட் வீதம் கணக்கிட்டு அதில் 70 சதவீதம் எடுத்தால் 306 யூனிட்டே மிஞ்சுகிறது. திரும்பும் காலம் பத்து ஆண்டுகளை நெருங்குகிறது. அதே கருவி, அதே கூரை, அதே குடும்பம், ஆனால் காலம் இரு மடங்குக்கு மேல். இப்படிப்பட்ட வீட்டில் கீசரே போதும் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

பெரிய கலன் வாங்கினால் மிச்சமும் பெரிதாகும் என்று நினைப்பவர்கள் உண்டு. 200 லிட்டர் கலனால் மேகமூட்டமான ஓரிரு நாட்களைச் சமாளிக்க முடியும் என்பது உண்மையே. ஆனால் எடுக்கும் நீர் அதேதான் என்பதால், சூரியனின் பங்கு 80 இலிருந்து 87 சதவீதமாக உயர்ந்தாலும் ஆண்டுக்கு 60 யூனிட் அளவுக்குத்தான் மிச்சம் கூடும். கூடுதல் செலவு 3,000 யூனிட்டிலிருந்து 4,500 யூனிட்டாக ஏறினால் பணம் திரும்ப ஏறக்குறைய ஆறு ஆண்டுகள் ஆகும்.

மின்சார விலையில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. மாதக் கட்டணத்தை மொத்த யூனிட்டால் வகுத்து, சராசரி விலையை எடுத்துக்கொள்கிறார்கள். பயன்பாடு கூடக்கூட விலையும் ஏறும் அடுக்குக் கட்டணம் உள்ள இடங்களில், வெந்நீருக்குச் செலவாகாமல் போகும் யூனிட்டுகள் அடுக்கின் உச்சியிலிருந்துதான் கழிகின்றன. உச்சி அடுக்கின் விலை சராசரியைப் போல 1.6 மடங்கு என்றால் நம் 3,000 யூனிட் 1,875 ஆகச் சுருங்கி, நான்கே கால் ஆண்டு இரண்டே முக்கால் ஆண்டாகும். மிச்சத்தில் ஒரு பகுதி கீழ் அடுக்கில் விழுந்தால் பலன் இவற்றுக்கு இடையில் நிற்கும். மாறாக, குறைந்த அளவு மின்சாரம் இலவசமாகவே கிடைத்து, வீட்டின் பயன்பாடும் அதற்குள்ளேயே அடங்கிவிடுகிறது என்றால், சோலார் ஹீட்டர் போட்ட பணத்தை எந்நாளும் மீட்காது.

கணக்கு சரியாக இருந்தும் மின்கட்டணம் குறையவில்லை என்று குறைப்படுபவர்களின் வீட்டில் நான் முதலில் பார்ப்பது, கலனுக்குள் மேகமூட்ட நாட்களுக்கென்று வைத்திருக்கும் மின் எலிமென்ட்டின் சுவிட்சை. அது எப்போதும் போட்டபடியே இருக்கும். காலையில் எல்லோரும் குளித்து முடிக்கும்போது கலனுக்குள் குளிர்ந்த நீர் நிறைகிறது. வெயில் ஏற இன்னும் இரண்டு மணி நேரம் இருக்கும்போதே தெர்மோஸ்டாட் எலிமென்ட்டை ஓடவிட்டு அந்த நீரைச் சூடாக்கிவிடுகிறது. பிறகு வரும் வெயிலுக்கு வேலை இருப்பதில்லை. இதனால் மிச்சம் பாதியாகக் குறைந்தால், நான்கே கால் ஆண்டு எட்டரை ஆண்டாகிவிடும். கண்டுபிடிப்பது எளிது: முந்தைய நாள் நல்ல வெயிலடித்திருக்க, குளியல் முடிந்த காலை எட்டு மணிக்கு அந்த எலிமென்ட்டின் விளக்கு எரிந்தால் இதுதான் கோளாறு. மாலையில் கலனின் நீர் போதிய சூட்டில் இல்லாத நாட்களில் மட்டும் அதை ஓடவிடும்படி ஒரு டைமர் பொருத்தினால் தீர்ந்தது.

மற்றொரு இழப்பு குழாயில் நிகழ்கிறது. கூரையிலிருந்து குளியலறைக்கு 15 மீட்டர் தூரம், குழாயின் உள்விட்டம் 15 மில்லிமீட்டர் என்றால், அதற்குள் ஏறத்தாழ 2.6 லிட்டர் நீர் நிற்கும். குழாயைத் திறந்ததும் முதலில் வருவது அந்த ஆறிப்போன நீர்தான். நான்கு பேரும் அடுத்தடுத்துக் குளித்தால் ஒரு முறையோடு போகும். இடைவெளி விட்டுக் குளித்தால் ஒவ்வொருவருக்கும் அதே கதை. சூடு வரவில்லையே என்று பொறுமை இழந்து பக்கத்தில் இருக்கும் பழைய கீசரைப் போட்டுவிடுகிறார்கள். மிச்சம் கரைவது அங்கேதான். குழாய்க்கு மேலுறை போடுவதும், தேவைக்கு மேல் அகலமான குழாயைத் தவிர்ப்பதும் பொருத்தும் நாளிலேயே முடிய வேண்டிய வேலைகள்.

பராமரிப்பில் உப்புநீர் ஒன்றே பெரிய விஷயம். தட்டையான தகட்டில் வெயிலை வாங்கி நீரைச் சூடாக்கும் சோலார் ஹீட்டர்களில், மெல்லிய செம்புக் குழாய்களுக்குள் உப்புப் படிந்தால் நீர்ச்சுழற்சி தளரும். நல்ல வெயில் நாளின் பிற்பகலில் தகட்டின் மேற்பக்கக் குழாய் தொட முடியாதபடி சுட்டும், கலனின் நீர் வெதுவெதுப்பாகவே இருந்தால் படிவு இருப்பதாகச் சந்தேகிக்கலாம். சுத்தம் செய்யவும், துருவைத் தன்மேல் ஏற்றுக்கொள்ளும் மெக்னீசியத் தண்டை மாற்றவும் ஆண்டுக்குச் சராசரியாக 50 யூனிட் மதிப்புள்ள செலவு என்று வைத்துக் கழித்தால், 700 என்பது 650 ஆகி, காலம் சுமார் நாலரை ஆண்டாக நீளும். கீசரிலும் எலிமென்ட்டும் அந்தத் தண்டும் மாற்றத்தான் வேண்டியிருக்கும் என்பதால் இதைச் சோலாருக்கு எதிரான வலுவான வாதமாக நான் கருதவில்லை.

சுற்றியுள்ள காற்றின் வெப்பத்தை எடுத்து நீருக்குத் தரும் ஹீட் பம்ப் மூன்றாவது போட்டியாளர். அது ஒரு யூனிட் மின்சாரத்தில் ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் தருவதாகக் கொண்டால், 2.4 யூனிட் செலவு 0.8 ஆகும்; ஆண்டுக்கு 580 யூனிட் அளவுக்கு மிச்சம். சோலாருக்கு அது வெகு தூரத்தில் இல்லை, மேகமும் அதைத் தடுக்காது. காற்று குளிரக் குளிர இந்த விகிதம் குறையும். அதன் கம்பிரசர் பல ஆண்டுகள் கழித்து எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொந்த அனுபவத்திலிருந்து சொல்லும் நிலையில் நான் இல்லை. ஆறு மாதம் மட்டும் வெந்நீர் வேண்டியவர்கள், வெயிலிலிருந்து மின்சாரம் எடுக்கும் மின்தகட்டைக் கூரையில் வைக்க வழியிருந்தால் அதை முதலில் விசாரிக்கலாம். ஒரே பரப்பில் சோலார் ஹீட்டர் வெயிலில் ஏறத்தாழ பாதியை வெப்பமாக்கும்போது மின்தகடு ஐந்தில் ஒரு பங்கையே மின்சாரமாக்குகிறது. ஆயினும் யாரும் வெந்நீர் கேட்காத மாதங்களில் அந்த மின்சாரம் விசிறிக்கும் குளிர்பதனப் பெட்டிக்கும் போய்ச் சேரும்.