புனலூரிலிருந்து வேளாங்கண்ணி: நேர் ரயிலா, திருச்சியில் மாறுவதா, பஸ்ஸா?

புனலூரில் எங்கள் தெருவில் பாதி வீடுகள் செங்கோட்டை, தென்காசிப் பக்கத்திலிருந்து வந்தவை. வருஷத்துக்கு ஒரு தடவையாவது யாராவது ஒருவர் வேளாங்கண்ணிக்குக் கிளம்புவார்கள். கிளம்பும் முன் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "எதில போனா நல்லது?" என்று கேட்பார்கள். போன தடவை கேட்டது என் தங்கை. குழந்தைக்கு மொட்டை போடும் நேர்த்திக்கடன். மாப்பிள்ளைக்குப் புதன், வியாழன் இரண்டு நாள்தான் லீவு. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அவர் வேலையில் இருக்க வேண்டும். அந்தக் கணக்கை வைத்தே மூன்று வழிகளையும் பார்க்கிறேன்.

முதலில் நேர் ரயில். எர்ணாகுளம் – வேளாங்கண்ணி எக்ஸ்பிரஸ், எண் 16361. கோட்டயம், கொல்லம், புனலூர், செங்கோட்டை, விருதுநகர், காரைக்குடி, திருவாரூர் வழியாகப் போகிறது. எர்ணாகுளத்தில் மதியம் 12.30 தாண்டிக் கிளம்பி, நம் ஊருக்கு மாலை 5 மணி வாக்கில் வந்து, மறுநாள் காலை 6 மணிக்குள் வேளாங்கண்ணியில் இறக்கிவிடும். எங்கும் மாற வேண்டாம். குழந்தை, வயதானவர்கள், மூட்டை முடிச்சு எல்லாம் இருந்தால் இதற்கு ஈடு வேறில்லை.

ஆனால் அட்டவணையில் நேரத்துக்கு முன்னால் கிழமையைப் பாருங்கள். இது திங்களும் சனியும் மட்டும் கிளம்பும். திரும்பும் வண்டி 16362 செவ்வாயும் ஞாயிறும், மாலை 6.30 தாண்டி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒன்று புரியும். திங்கள் போன வண்டி செவ்வாய் காலை சேர்கிறது, அன்று மாலையே திரும்புகிறது. சனி போனது ஞாயிறு சேர்ந்து ஞாயிறே திரும்புகிறது. அதாவது கோயிலில் முழுசாக ஒரு பகல் கிடைக்கும், தங்கும் செலவு இல்லை. செவ்வாய் மாலை வண்டியை விட்டுவிட்டால் அடுத்தது ஞாயிற்றுக்கிழமைதான், ஐந்து நாள் கழித்து. போன வண்டி வெகு நேரம் தாமதமாகப் போய்ச் சேர்ந்தால் அன்று மாலை திரும்பும் வண்டியும் தாமதமாகலாம். அந்த நாளில் திரும்பும் டிக்கெட் வைத்திருப்பவர்கள் காலை வண்டி எத்தனை மணிக்குச் சேர்ந்தது என்று பார்த்து வைத்துக்கொள்வது நல்லது.

இந்தக் கிழமை விஷயத்தில் எங்கள் அத்தை ஒருமுறை பட்டது இன்னும் மனசில் இருக்கிறது. அத்தை செங்கோட்டையில் இருப்பவர். கோட்டயத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக, யாரோ சொன்ன "செவ்வாய், ஞாயிறு ஓடும்" என்பதை நம்பி, செவ்வாய்க்கிழமை விடியற்காலை மூன்று மணிக்கே பொதுப்பெட்டி டிக்கெட் எடுக்க ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். பிளாட்பாரத்தில் ஒரு ஈ காக்கை இல்லை. செவ்வாய் என்பது வண்டி வேளாங்கண்ணியில் கிளம்பும் கிழமை. மாலை கிளம்பி, இரவெல்லாம் ஓடி, செங்கோட்டைக்கு அது வரும்போது புதன் விடியற்காலை ஆகிவிடும். அத்தை போய் உட்கார்ந்த நேரத்தில் வண்டி இன்னும் கிளம்பவே இல்லை, கிளம்பப் பதினைந்து மணி நேரம் இருந்தது. அட்டவணையில் போட்டிருக்கும் கிழமை எப்போதும் முதல் ஸ்டேஷனுக்கு உரியது. நம் ஊர் பெயருக்கு நேரே "நாள் 2" என்று இருந்தால் அந்தக் கிழமையோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ள வேண்டும். முன்பதிவு செய்யும்போது மட்டும் நாம் ஏறும் ஸ்டேஷனில் வண்டி வரும் தேதியைத்தான் போட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டவர்கள்தான் ஒரு நாள் முன்னாலோ பின்னாலோ ஸ்டேஷனில் நிற்கிறார்கள்.

ஆகஸ்ட் 29 கொடியேற்றம் முதல் செப்டம்பர் 8 திருவிழா வரை சிறப்பு வண்டிகள் விடுவார்கள். எண் பூஜ்யத்தில் தொடங்கினால் அது சிறப்பு வண்டி. அதன் அடிக்குறிப்பில் எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருக்கும். போன வருஷம் ஓடியது இந்த வருஷமும் அதே கிழமையில் ஓடும் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, தங்கை கணக்குக்கு வருவோம். லீவு புதனும் வியாழனும். நேர் ரயில் அந்த இரண்டு நாளிலும் இல்லை. எவ்வளவு வசதியாக இருந்தாலும் அவளுக்கு அது இல்லாத ரயில்தான்.

இரண்டாவது வழி, கொல்லம் – சென்னை எழும்பூர் எக்ஸ்பிரஸ். போகும்போது 16102, வரும்போது 16101. இது தினசரி. புனலூரில் மதிய வாக்கில் ஏறினால் செங்கோட்டை, மதுரை வழியாக இரவில் திருச்சி. திருச்சியிலிருந்து தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழியாக வேளாங்கண்ணிக்குச் சுமார் 150 கிலோமீட்டர். பஸ்ஸில் நாலு மணி நேரத்துக்கு மேல்.

ரயிலிலிருந்து பஸ்ஸுக்கு மாறும்போது நடுவில் எவ்வளவு நேரம் விட வேண்டும் என்று தங்கை கேட்டாள். போகும்போது எதுவும் விட வேண்டாம் என்றேன், வரும்போது மூன்று மணி நேரம் விடு என்றேன். அவளுக்கு அது விசித்திரமாகப் பட்டது. அதே திருச்சி, அதே இரண்டு வண்டிகள்தானே என்றாள்.

யோசித்துப் பாருங்கள். போகும்போது ரயில் ஒரு மணி நேரம் தாமதமானால் என்ன நஷ்டம்? தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பஸ் போனால் இன்னொன்று வரும். நஷ்டம் தூக்கம் மட்டும். வரும்போது நிலைமை தலைகீழ். பஸ் தாமதமாகி 16101-ஐ விட்டுவிட்டால் அடுத்த 16101 மறுநாள் இரவுதான். அடிக்கடி வரும் வண்டிக்கு மாறுகிறோமா, எப்போதாவது வரும் வண்டிக்கு மாறுகிறோமா என்பதைப் பொறுத்துத்தான் இடைவெளி. தாமதம் எவ்வளவு இருக்கும் என்பதைவிட, தவறினால் அடுத்தது எப்போது என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

அந்த இடைவெளியிலும் ஒரு பகுதியைத் திருச்சி ஊரே எடுத்துக்கொள்ளும். முன்பு ஜங்ஷனிலிருந்து மத்திய பேருந்து நிலையத்துக்குப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே போய்விடலாம். 2025-இல் பஞ்சப்பூர் முனையம் திறந்த பிறகு வெளியூர்ப் பஸ்கள் அங்கே போய்விட்டன. ஜங்ஷனுக்கும் பஞ்சப்பூருக்கும் நடுவே டவுன் பஸ்ஸோ ஆட்டோவோ பிடிக்க வேண்டும். அதற்கு முக்கால் மணி நேரம் தனியாக வைப்பேன். இது எந்த அட்டவணையிலும் எழுதியிருக்காது.

இன்னொன்று, தாமதத்தை எங்கே பார்க்கலாம் என்பது. புனலூர் – செங்கோட்டை ஐம்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனாலும் ரயில் அதற்கு இரண்டு மணி நேரம் வாக்கில் எடுத்துக்கொள்ளும். மலை ஏற்றம், வளைவு, பின்னாலும் ஒரு எஞ்சின் சேர்ந்து தள்ளும் பாதை, போதாததற்கு ஒற்றைத் தண்டவாளம். எதிரே வரும் வண்டிக்காக ஒரு ஸ்டேஷனில் நின்றால் அங்கே இழந்த நேரத்தை மலையில் ஓடிப் பிடிக்க முடியாது. அதனால் நம் பக்கத்திலிருந்து போகிறவர்கள் செங்கோட்டையிலோ தென்காசியிலோ அரை மணி இடைவெளியில் இன்னொரு ரயிலைப் பிடிக்கத் திட்டம் போடாமல் இருப்பது நல்லது. கடைசி ஸ்டேஷனில் மாறுவது அவ்வளவு ஆபத்தில்லை. கடைசிக் கொஞ்ச தூரத்துக்கு அட்டவணையில் கூடுதல் நேரம் சேர்த்திருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க, அதே இரண்டு ஸ்டேஷனுக்கு நடுவே எதிர்த்திசை வண்டி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பாருங்கள். போகிற வண்டி பதினைந்து நிமிஷத்தில் கடக்கும் தூரத்தை வருகிற வண்டிக்கு நாற்பது நிமிஷம் என்று போட்டிருந்தால், அந்த இருபத்தைந்து நிமிஷம் தாமதத்தை விழுங்க வைத்த இடம். நடுவழி ஸ்டேஷனில் பெரும்பாலும் அந்த மெத்தை கிடையாது. எழும்பூர் போகும் வண்டிக்குத் திருச்சி நடுவழிதான்.

திருச்சியிலிருந்தும் ரயிலிலேயே போகிறவர்கள் இரண்டாவது டிக்கெட் எடுக்கும்போதே முதல் டிக்கெட்டின் பிஎன்ஆரைக் கொடுத்து இணைத்துக்கொள்ளலாம். இரண்டிலும் பயணிகளின் பெயர் விவரம் ஒன்றாக இருக்க வேண்டும். முதல் வண்டி தாமதமாகி இரண்டாவது தவறினால், பிடித்தம் இல்லாமல் அந்தப் பணத்தைக் கேட்டு வாங்க வழி உண்டு. பஸ்ஸிலிருந்து ரயிலுக்கு மாறுகிறவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை.

மூன்றாவது, முழுக்கப் பஸ். புனலூரிலிருந்து ஆரியங்காவு வழியாகத் தென்காசி, அங்கிருந்து மதுரை மாட்டுத்தாவணி, அங்கிருந்து தஞ்சாவூர், அப்புறம் வேளாங்கண்ணி. ஒவ்வொரு கட்டத்திலும் அடிக்கடி வண்டி உண்டு என்பதால் எந்த இணைப்பும் தவறாது, கிழமையும் பார்க்க வேண்டாம். நேற்று முடிவு செய்து இன்று கிளம்பும் ஒற்றை ஆளுக்கு நல்ல வழி. ஆனால் பஸ் நிலையப் பலகையில் கிளம்பும் நேரம் மட்டும்தான் இருக்கும், சேரும் நேரம் இருக்காது. பலகையில் ஊர் பெயரைவிட "வழி" என்பதைப் பாருங்கள். ஒரே ஊருக்குப் போகும் இரண்டு பஸ் வெவ்வேறு வழியில் போய் ஒரு மணி நேரம் வித்தியாசத்தில் சேரும். இரண்டு வயதுக் குழந்தையோடு நாலு பஸ் மாறுவதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.

தங்கைக்கு இரண்டாவது வழிதான் என்று முடிவாயிற்று. புதன் மதியம் 16102-இல் ஏற்றிவிட்டேன். வியாழன் விடிவதற்குள் வேளாங்கண்ணி, காலையிலேயே மொட்டை. திரும்புவதற்குத்தான் ஒரு சின்ன வாக்குவாதம். மதுரைக்கு வந்து ஏறினால் என்ன, அங்கே கூடப் பிறந்தவரைப் பார்த்துவிட்டு வரலாமே என்றார் மாப்பிள்ளை. வரலாம். ஆனால் சென்னையில் வியாழன் மாலை ஐந்து மணி வாக்கில் கிளம்பும் 16101, திருச்சிக்கு அன்று இரவே வந்துவிடும், மதுரைக்கு வரும்போது நள்ளிரவு தாண்டிவிடும். திருச்சியில் ஏறினால் டிக்கெட்டில் வியாழன் தேதி. மதுரையில் ஏறினால் வெள்ளி தேதி. அவர் வியாழன் தேதி போட்டு மதுரையிலிருந்து டிக்கெட் எடுத்திருந்தால் அது முந்தின நாள் சென்னையில் கிளம்பிய வண்டிக்கானது. வியாழன் காலை மொட்டை போடும்போது அது மதுரையைக் கடந்து போயே போயிருக்கும்.

கடைசியில் திருச்சியிலேயே எடுத்தோம். வியாழன் மதியம் சாப்பிட்டுவிட்டு இரண்டரை மணி பஸ்ஸில் ஏறச் சொல்லியிருந்தேன். தஞ்சாவூருக்கு முன்னால் எங்கோ வண்டி முக்கால் மணி நேரம் நின்றுவிட்டது என்று தங்கை போன் செய்தாள். குரலில் பதற்றம். மணியைக் கேட்டேன், ஐந்தே முக்கால் என்றாள். ரயிலுக்கு இன்னும் நாலு மணி நேரம் இருக்கிறது, குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடு என்றேன்.