நியூஸ் சேனல் ஸ்கிரீன்ஷாட்ல டிக்கர், தலைப்பு, லோகோவ தனித்தனி வரியா எடுக்க: முழுசா படிக்கிறதா, வெட்டிப் படிக்கிறதா?

கொஞ்ச நாளா நியூஸ் சேனல் ஸ்கிரீன்ஷாட்கள்ல இருக்குற எழுத்த எடுத்து, எது லோகோ, எது தலைப்புப் பட்டை, எது கீழ ஓடுற டிக்கர்னு பேர் போட்டு தனித்தனி வரியா சேமிச்சுட்டு வர்றேன். இதுக்கு ரெண்டு வழி இருக்கு, ரெண்டையும் ஓட்டிப் பாத்துட்டு கடைசியில ஒண்ணுல நின்னுட்டேன், அதனால இது நடுநிலையான அலசல் கிடையாது, முன்னாடியே சொல்லிடுறேன்.

முதல் வழி, முழுப் படத்தையும், படத்துல இருக்குற எழுத்த படிக்கிற டெசராக்ட் நிரல்ல குடுத்து, ஒவ்வொரு வார்த்தையும் எந்த இடத்துல இருக்குங்கிற கணக்க `tsv` வடிவத்துல வாங்கி, அதுக்கப்புறம் பிரிக்கிறது. கீழ இருந்தா டிக்கர், அதுக்கு மேல பெரிய எழுத்தா இருந்தா தலைப்பு, மேல் மூலையில இருந்தா லோகோ, இப்படி விதி எழுதணும். ரெண்டாவது வழி, படிக்கிறதுக்கு முன்னாடியே படத்த மூணு துண்டா வெட்டிட்டு ஒவ்வொண்ணையும் தனியா படிக்கிறது. நான் நின்னது இந்த ரெண்டாவதுல.

முழுப் படத்த படிக்கிறதுல இருக்குற வசதி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், எந்தச் சேனலா இருந்தாலும் உடனே தூக்கிப் போடலாம், எதையும் அளக்க வேண்டாம். சிக்கல் எங்க வருதுன்னா, தலைப்புப் பட்டையும் டிக்கரும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கும், அத அது பல நேரம் ஒரே பத்தியா எடுத்துக்கும். சரி, எழுத்து உயரத்த வச்சு பிரிக்கலாம்னு பாத்தா, தமிழ்ல அது நம்புற மாதிரி இல்ல. ஒரே எழுத்துருவுல ஒரே அளவுல "வலை"ன்னு ஒரு வார்த்தை, "மீட்பு"ன்னு ஒரு வார்த்தை எடுத்துக்கங்க. முதல்ல உள்ளது தட்டையா இருக்கும், ரெண்டாவதுல மேல ஈகாரச் சுழியும் புள்ளியும், கீழ உகரக் காலும் இருக்கு, பெட்டி உயரம் நல்லாவே கூடிடும். டிக்கர்ல ஓடுற "மீட்பு", தலைப்புல இருக்குற "வலை"ய எட்டிப் பிடிச்சுடும். வார்த்தைக்குப் பதிலா வரியோட உயரத்த எடுத்தா கொஞ்சம் தேவலாம், ஆனா பத்தி பிரிக்கிறதுலயே தப்பு நடந்துட்டா வரியும் தப்பாத்தான் வரும்.

இப்ப வெட்டிப் படிக்கிறது எப்படின்னு ஒரு படத்தோட சொல்றேன், வெட்டுறதுக்கு இமேஜ்மேஜிக்கோட `convert`. 1280x720 அளவுல ஒரு ஸ்கிரீன்ஷாட், டிக்கர் சிவப்புப் பட்டையில வெள்ளை எழுத்து, மேல இருந்து 658வது பிக்சல்ல தொடங்கி 50 பிக்சல் உயரம்:

```
convert shot.png -crop 1280x50+0+658 +repage \
  -channel G -separate +channel -negate -resize 300% ticker.png
tesseract ticker.png - -l tam+eng --psm 7
```

பச்சை நிற அடுக்க மட்டும் ஏன் எடுக்குறேன்னா, சிவப்புல பச்சை கிட்டத்தட்ட இல்ல, வெள்ளையில முழுசா இருக்கு, அதனால எழுத்து தெளிவா பிரிஞ்சு வரும், சிவப்புல மஞ்சள் எழுத்துக்கும் இதே கணக்குதான். வெள்ளைத் தாள்ல கருப்பு எழுத்துன்னாதான் டெசராக்ட் நல்லா படிக்கும், அதுக்குத்தான் `-negate`. டிக்கர் எழுத்து சின்னது, அதனால மூணு மடங்கு பெருசு பண்றேன். `--psm 7`ன்னா "இது ஒரே வரி, பத்தி எல்லாம் தேடாத"ன்னு சொல்றது, இது தர்ற வித்தியாசம் பெருசு.

வெட்டும்போது மேல கொஞ்சம் தாராளமா விடுங்க. நான் ஆரம்பத்துல தலைப்புப் பட்டைய ரொம்ப இறுக்கி வெட்டினேன், "புயல் நாளை காலை கரையைக் கடக்கும்"னு இருந்தது "புயல நாளை காலை கரையைக கடககும"னு வந்துச்சு. டெசராக்ட் மேல கோவப்பட்டு மொழிக் கோப்பெல்லாம் மாத்திப் பாத்தேன், கடைசியில துண்டத் திறந்து பாத்தா புள்ளி எல்லாம் வெட்டுக்கு வெளிய போயிருக்கு. வரி முழுக்க புள்ளி காணாம போனா படிக்கிறதுல குறை இல்ல, வெட்டு கீழ இறங்கியிருக்குன்னு எடுத்துக்கலாம்.

டிக்கர்ல ரெண்டு ஓரமும் பாதி வார்த்தைதான் இருக்கும், அத ஊகிச்சு முழுசாக்காதீங்க, மூணு புள்ளி வச்சு அப்படியே விடுங்க. செய்திக்கு நடுவுல வர்ற சின்னச் சின்னம் ஏதோ ஒரு எழுத்தா வாசிக்கப்படும், அத எந்தெந்த எழுத்தா வாசிக்குதுன்னு பாத்து `|` ஆக்கிடுறேன். லோகோவ நான் படிக்கவே விடுறதில்ல. வளைஞ்ச எழுத்து, பின்னாடி தெரியுற காட்சி, இதெல்லாம் சேர்ந்து ஒவ்வொரு படத்துலயும் வேற வேற குப்பை வருது. அதுக்கு லோகோவோட மாதிரிப் படம் ஒண்ண வச்சுக்கிட்டு ஓபன்சிவியோட `cv2.matchTemplate`ல ஒப்பிட்டு, பொருந்தினா பேர நானே எழுதிடுறேன். பக்கத்துல இருக்குற "நேரலை" லோகோ கிடையாது, அதுக்குத் தனி வரி.

```
[லோகோ] சேனல் பெயர்
[குறி] நேரலை
[தலைப்பு] புயல் நாளை காலை கரையைக் கடக்கும்
[டிக்கர்] …ந்தது | தங்கம் விலை மீண்டும் உயர்வு | பள்ளிகளுக்கு விடுமு…
```

சரி, ஒவ்வொரு சேனலுக்கும் அளவு எடுத்து வைக்கணும், அவங்க அமைப்ப மாத்தினா திரும்ப அளக்கணும், பராமரிப்புல முதல் வழிதானே நல்லதுன்னு கேப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சு அதுல தொடங்கினேன். ஆனா பராமரிப்புலதான் முடிவே மாறிச்சு. சேனல் தலைப்புப் பட்டைய கொஞ்சம் கீழ இறக்கினாலோ, விளம்பரத்துக்காக காட்சிய சுருக்கி ஓரத்துலயும் கீழயும் பட்டை போட்டாலோ ரெண்டு வழியுமே உடையும், ஏன்னா "கீழ இருந்தா டிக்கர்"ங்கிற விதியும் ஒரு அளவுதான். வித்தியாசம் எப்படி உடையுதுங்கிறதுலதான். முழுப் படத்த படிச்சா விளம்பர வரி அழகான தமிழ்ல, பிழையே இல்லாம, `[டிக்கர்]`னு பேர் போட்டு வந்து உக்காந்துரும், நாம கண்டுபிடிக்கவே மாட்டோம், எனக்கு ஒரு வாரத்துப் படங்கள் அப்படித்தான் கெட்டுப்போச்சு. வெட்டிப் படிச்சா பெரும்பாலும் துண்டுல பாதி எழுத்தோ, ஆளோட சட்டையோதான் இருக்கும், டெசராக்ட் `tsv`ல தர்ற நம்பிக்கை மதிப்பெண் சடார்னு விழும், அன்னைக்கே தெரிஞ்சுரும்.

அதுக்கும் மேல ஒரு பாதுகாப்பு, படிக்கிறதுக்கு முன்னாடி பட்டையில எழுத்து வராத ரெண்டு இடத்துல நிறத்தப் பாக்குறேன். எதிர்பாத்த சிவப்பு இல்லன்னா அந்த வரிய காலியா விட்டுட்டு படத்த தனியா ஒதுக்கிடுறேன். தலைப்புப் பட்டை மறைஞ்சிருக்குற நேரத்துலயும் இது காப்பாத்தும். அளவுகள பிக்சல் கணக்குல வைக்காம சதவீதத்துல வச்சா வேலை இன்னும் குறையும், ஆனா முதல்ல கருப்பு ஓரத்த வெட்டணும். 2400x1080 போன்ல எடுத்த ஸ்கிரீன்ஷாட்ல காட்சி 1920 தான், ரெண்டு பக்கமும் 240 கருப்பு, அத விட்டுட்டு சதவீதம் போட்டா லோகோ பெட்டி வேற எங்கயோ போய் நிக்கும்.

முதல் வழி எனக்கு இன்னும் தேவைப்படுற ஒரே இடம், முன்ன பாக்காத சேனல்லேருந்து ஒரே ஒரு படம் வந்தா. அதுக்காக உக்காந்து அளக்க மாட்டேன், அங்கங்க சிதறிக் கிடக்குற எழுத்த தேடுற `--psm 11` போட்டு ஓட்டிட்டு கையால பேர் போட்டுடுவேன். டிவி திரைய போன்ல போட்டோ எடுத்து அனுப்புற படங்கள் நான் பண்ணது ரொம்பக் கம்மி, சாய்வ நேராக்காம வெட்டினா வரி குறுக்க போகுதுன்னு மட்டும் பாத்திருக்கேன், அதுல எந்த வழி நல்லதுன்னு சொல்ற அளவுக்கு படம் கைவசம் இல்ல. ஒரே மூணு நாலு சேனல்லேருந்து தினமும் படம் வருதுன்னா வெட்டிப் படிங்க, ஒரு சேனலுக்கு அளவெடுக்க பத்து நிமிஷம் ஆகும்.