ஊர் திரும்பும்போது திர்ஹத்தை மாற்றி 1,44,000 ரூபாய் தொலைத்தேன்

முந்தாநாள்தான் ஆடிட்டரைப் பார்த்துவிட்டு வந்தேன். அதிலிருந்து சோறு இறங்கவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், ஆறிப்போனால் நானும் எல்லோரையும் போல "விடு, போனது போகட்டும்" என்று விட்டுவிடுவேன்.

துபாயில் 14 வருடம் வேலை பார்த்தேன். போன அக்டோபரில் வேலையை விட்டேன். அடிப்படைச் சம்பளம் 6,000 திர்ஹம். அங்கே பணிக்கொடைக் கணக்கு எளிது: முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குப் பிறகு வருடம் 30 நாள். எனக்கு மொத்தம் 375 நாள், 75,000 திர்ஹம் வந்தது. சேமிப்பு 3,25,000. ஆக, 4,00,000 திர்ஹம். பதினான்கு வருடத்தில் கையில் நின்றது அவ்வளவுதான்.

ஊர் திரும்புகிறவர்களுக்குக் கணக்கு, வரி, பணமாற்றம் எல்லாவற்றையும் "ஒரே இடத்தில்" முடித்துத் தருவதாகச் சொல்லும் ஆலோசனை அலுவலகங்கள் தேரா பக்கம் உண்டு. அப்படி ஒன்றுக்கு நண்பர் ஒருவர் கூட்டிப்போனார். பேர் சொல்லப்போவதில்லை. அங்கே இருந்த பையன் நம்ம தஞ்சாவூர்ப் பக்கம். "அண்ணே, டீ சாப்டுங்க" என்று உட்காரவைத்து, என் அப்பா எந்தத் தெரு என்றுகூடக் கேட்டான். அந்த டீயில்தான் விழுந்தேன்.

அவன் சொன்னது இது: "அண்ணே, நீங்க இந்தியாவுல காலை வச்ச அடுத்த நிமிஷம் உங்க ஸ்டேட்டஸ் மாறிடும். அப்புறம் இந்தப் பணத்தைக் கொண்டுபோனா மொத்தத்துக்கும் வரி. 30 பர்சென்ட். போறதுக்கு முன்னாடியே முழுசா ரூபாயா மாத்தி, வெளிநாட்டுல இருக்கறவங்களுக்கான என்.ஆர்.இ டெபாசிட்ல போட்டுடுங்க. அஞ்சு வருஷத்துக்கு வட்டி வரியில்லாம வரும். கமிஷனும் கிடையாது, சைபர்."

4,00,000 திர்ஹத்துக்கு முப்பது சதவீதம் என்றதும் அடிவயிறு கலங்கிவிட்டது. விகிதம் என்ன என்று கேட்டேன். "இன்னிக்கு லைவ் ரேட் 23.52, பெரிய தொகைக்கு ஸ்பெஷல்" என்றான். கையெழுத்துப் போட்டேன். 94,08,000 ரூபாய் ஊர்க் கணக்கில் விழுந்தது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினேன், அதை நினைத்தால்தான் இப்போது வயிறு எரிகிறது.

மறுநாள் அறைத்தோழர் வீட்டுக்கு அனுப்பிய ரசீதைக் காட்டினார். அதே நாள், அதே தெரு, சாதாரண எக்ஸ்சேஞ்ச் கவுன்டர்: 23.88. எனக்கு 36 காசு குறைவு. நாலு லட்சத்தால் பெருக்கிப் பாருங்கள், 1,44,000 ரூபாய்! "கமிஷன் சைபர்" என்றால் அவர்கள் கமிஷனை விகிதத்துக்குள் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று அப்போதுதான் புரிந்தது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு நிமிடம் போதும் என்பதுதான் கொடுமை. திர்ஹம் டாலரோடு கட்டப்பட்டது, ஒரு டாலர் 3.6725 திர்ஹம், 1997இலிருந்து மாறவில்லை. ஆகவே டாலருக்கு எத்தனை ரூபாய் என்று பார்த்து 3.6725ஆல் வகுத்தால் திர்ஹத்தின் உண்மையான சந்தை விலை வந்துவிடும். அன்று டாலர் 88.14. வகுத்தால் சரியாக 24 ரூபாய். அந்த 24 நமக்கு யாரும் தரமாட்டார்கள், பத்துப் பன்னிரண்டு காசு குறைத்துத் தருவது நியாயம், கடைக்காரரும் பிழைக்க வேண்டும். 48 காசு எடுப்பதற்குப் பேர் வேறு. (டிசம்பரில் டாலர் 90ஐத் தாண்டியது. அதை நான் நஷ்டத்தில் சேர்க்கவில்லை, சந்தை ஏறுவதற்கு யாரையும் திட்ட முடியாது.)

அந்தப் பையனுக்குப் போன் போட்டேன். "மார்க்கெட் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறும்ணே" என்றான். ரசீதைப் படம் எடுத்து அனுப்பினேன். நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. நேரில் போனேன். மேலாளர் ஒருவர் வந்து, பணத்தை மாற்றுவது தங்கள் கூட்டாளி நிறுவனம், தாங்கள் ஆலோசனை மட்டுமே என்றார். கூட்டாளி நிறுவனத்தில் கேட்டால் "ரேட் போட்ட தாளில் கையெழுத்து உங்களுடையதுதானே சார்?" அவ்வளவுதான். மின்னஞ்சலில் எழுதினேன், "உங்கள் கருத்துக்கு நன்றி" என்று வந்தது. கருத்தாம்! டிசம்பர் 5 விமானம் ஏறினேன், அந்த எண் இப்போது எடுப்பதே இல்லை.

சரி, வரியாவது மிச்சம் என்று தேற்றிக்கொண்டிருந்தேன். அதையும் ஆடிட்டர் உடைத்தார்.

முதலில், வெளிநாட்டில் இருந்தபோது சம்பாதித்துச் சேர்த்த பணத்தைப் பின்னால் ஊருக்குக் கொண்டுவருவது வருமானமே இல்லை, அதற்கு வரி கிடையாது. எப்போது கொண்டுவந்தாலும்! இரண்டாவது, வருமான வரிக்கு நான் இன்னும் உள்ளூர்க்காரனே ஆகவில்லை. நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. மே மாதம் லீவில் 25 நாள், டிசம்பர் 5 முதல் மார்ச் 31 வரை 117 நாள், மொத்தம் 142. உள்ளூர்க்காரன் ஆக 182 நாள் இந்தியாவில் இருந்திருக்க வேண்டும், இது அதற்குக் கீழே. 60 நாள் இருந்தாலே போதும் என்ற விதி ஒன்றும் உண்டு, ஆனால் அதற்கு முந்தைய நாலு வருடத்தில் 365 நாளாவது இந்தியாவில் இருந்திருக்க வேண்டும். எனக்கு வருடம் 30 நாள் லீவுதான். ஆக இந்த ஆண்டு முழுக்க என்.ஆர்.ஐ. அடுத்த இரண்டு ஆண்டும் ஆர்.என்.ஓ.ஆர் என்ற இடைநிலை. முந்தைய பத்து வருடத்தில் ஒன்பது வருடம் என்.ஆர்.ஐ ஆக இருந்தவனுக்கு அது கிடைக்கும். அந்த நிலையில் வெளிநாட்டு வங்கியில் கிடக்கும் பணத்தின் வட்டிக்கும் இங்கே வரி இல்லை. எனக்கு அவசரமே இருந்திருக்கவில்லை.

"அப்ப அவன் சொன்ன ஸ்டேட்டஸ்?" என்று கேட்டேன். அது ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தின் நிலை, அது வேறு கடிகாரம் என்றார். அங்கே நாள் கணக்கு பார்ப்பதில்லை, நிரந்தரமாகத் தங்கும் எண்ணத்தோடு இறங்கிய நாளிலேயே மாறிவிடும். என்.ஆர்.இ வட்டியின் வரிவிலக்கு அந்தக் கடிகாரத்தில்தான் ஓடுகிறது. அதாவது அவன் ஐந்து வருடம் வரியில்லை என்று சொன்ன டெபாசிட் வட்டிக்கு டிசம்பர் 5 முதலே வரி. பயப்பட வேண்டாத இடத்தில் பயமுறுத்தி, பயப்பட வேண்டிய இடத்தில் தள்ளிவிட்டிருக்கிறான். இதே பணத்தை ரூபாயாக்காமல் டாலரிலேயே வைக்கும் எஃப்.சி.என்.ஆர் டெபாசிட்டாகப் போட்டிருந்தால், தவணை முடியும்வரை அதே வட்டியில் தொடரலாம், ஆர்.என்.ஓ.ஆர் ஆண்டுகளில் அந்த வட்டிக்கு வரியும் இல்லை. இப்போது டெபாசிட்டை உடைக்கவும் முடியாது, ஒரு வருடம் ஆகாத என்.ஆர்.இ டெபாசிட்டை உடைத்தால் வட்டியே கிடையாது.

திரும்புகிறவர்களுக்கு விரிவாகப் பத்து விஷயம் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. இவ்வளவு மட்டும்: டாலரை 3.6725ஆல் வகுக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ஒரே நாளில் மூன்று கவுன்டரில் விகிதம் கேளுங்கள், பெரிய தொகைக்குப் பேரம் பேசலாம். மொத்தத்தையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். பாஸ்போர்ட் முத்திரைகளை வைத்து நாள் எண்ணிக்கொண்டு, டிக்கெட் போடுவதற்கு முன்பே ஊரில் ஒரு ஆடிட்டரைப் பாருங்கள். என் ஆடிட்டர் வாங்கியது 3,000 ரூபாய். நான் அந்த டீக்குக் கொடுத்தது 1,44,000.