இரண்டே கால் வருஷம் ஒரே தமிழ்த் தொடர்: ‘ஆச்சா’வில் தொடங்கி ‘போடுனேன்’ வரை

மகளுக்கு இரண்டரை வயதில், சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லித் தருகிற இந்த வீடியோ தொடருக்குச் சந்தா கட்டினோம், இப்போது அவளுக்கு ஐந்தாகப் போகிறது. தொடரின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் குறையும் நிறைய சொல்லப் போகிறேன், அதோடு இந்த வகையில் வருகிற பல தொடர்கள் ஒரே அச்சில்தான் இருக்கின்றன. காலையில் எழுவது, பல் விளக்குவது, குளிப்பது, சட்டை போடுவது, சாப்பிடுவது, வெளியே கிளம்புவது, தூங்கப் போவது என்று ஒரு நாளில் நடக்கிற காரியம் ஒவ்வொன்றுக்கும் ஏழெட்டு நிமிஷத்தில் ஒரு பாகம். ஒவ்வொன்றிலும் ஐந்தாறு வாக்கியங்கள்தான், அவையே திரும்பத் திரும்ப வரும். கடைசியில் ஒரு பாட்டு.

நாங்கள் இருப்பது ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட் பக்கம். காலை எட்டிலிருந்து மூன்றரை வரை அவள் கீட்டாவில், அதாவது பாலர் பள்ளியில். அங்கே முழுக்க ஜெர்மன். வீட்டில் நானும் கணவரும் தமிழ்தான் பேசுகிறோம். அவளுக்கு எல்லாம் புரியும், ஆனால் பதில் மட்டும் ஜெர்மனில் வரும். தமிழ் வினைச்சொல் வேண்டிய இடத்தில் ஜெர்மன் வினையைப் போட்டு பின்னால் ஒரு ‘பண்ணு’ சேர்த்துவிடுவாள். “ஷூ ஆன்ட்சீயன் பண்ணு” என்பாள், ஆன்ட்சீயன் என்றால் ஜெர்மனில் மாட்டிக்கொள்வது. நாமே ‘டிரைவ் பண்றேன், குக் பண்றேன்’ என்று பேசுகிறவர்கள், அவளை என்ன சொல்வது? ஆனால் அந்தப் ‘பண்ணு’ ஒன்று கையில் இருந்தால் பிள்ளைக்கு வேறு எந்தத் தமிழ் வினையும் தேவைப்படாது என்பதுதான் சிக்கல்.

முதல் மூன்று மாதம் செய்தது சுத்தத் தப்பு. காலையில் நான் காபி போடுகிற நேரத்துக்கு அவளை டேப்லெட் முன்னால் உட்கார வைத்துவிடுவேன். ஒரு பாகம் முடிந்ததும் அடுத்தது தானாக ஓடும், அவளும் ஆடாமல் அசையாமல் பார்ப்பாள். மூன்று மாதத்தில் வந்தது பாட்டின் மெட்டு மட்டும், வார்த்தை ஒன்றும் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் பாட்ரிசியா கூல் குழுவினர் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வை அப்புறம்தான் படித்தேன். ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மாண்டரின் மொழியைச் சிலருக்கு ஆள் நேரில் உட்கார்ந்து, சிலருக்குத் திரையில், 12 தடவை கேட்க வைத்தார்கள். நேரில் கேட்ட குழந்தைகள் மாண்டரின் ஒலிகளைப் பிரித்து அறிந்தன, திரையில் பார்த்தவற்றுக்கு அது வரவில்லை. அது கைக்குழந்தைகளை வைத்து, ஒலிகளை மட்டும் சோதித்த ஆய்வு. இரண்டரை வயதுப் பிள்ளைக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் என் வீட்டு டேப்லெட் முன்னால் நடந்தது அதேதான்.

அப்புறம் மாற்றிக்கொண்டோம். இரண்டு வாரத்துக்கு ஒரே ஒரு பாகம், அதுவும் நான் பக்கத்தில் உட்கார்ந்தால் மட்டும். அதில் மூன்று வாக்கியத்தைப் பொறுக்கி, அந்தக் காரியம் நிஜமாக நடக்கும்போது, திரை அணைந்திருக்கும்போது, அதே தொனியில் சொல்வேன். பல் விளக்குகிற பாகத்தைக் குளியலறையில் ஓடவிடக் கூடாது என்பது என் கட்சி. ஓடினால் அவள் வாயைத் திறந்தபடி திரையைத்தான் பார்ப்பாள்.

முதலில் ஒட்டிக்கொண்டது ‘ஆச்சா, ஆச்சு’ ஜோடி. “பல் வெளக்கியாச்சா?” “வெளக்கியாச்சு.” “குளிச்சாச்சா?” “குளிச்சாச்சு.” இதை யோசித்து வைத்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன். தமிழில் பிள்ளைக்குக் கஷ்டம் வினையின் வால்தான்: நான் என்றால் ‘ஏன்’, நீ என்றால் ‘ஆய்’, அவள் என்றால் ‘ஆள்’. ‘ஆச்சு’வில் அந்த வாலே கிடையாது. யார் குளித்தாலும் குளிச்சாச்சுதான். கேள்வியின் கடைசி ‘ஆ’வை ‘உ’ ஆக்கினால் பதில் தயார். இரண்டாவது வாரமே பதில் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அதுவரை தமிழில் முழுப் பதில் என்று ஒன்றை அவள் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

அடுத்து வந்ததுதான் தலைவலி. தொடரில் வருகிற வாக்கியங்களில் முக்கால்வாசி அம்மா பிள்ளையிடம் சொல்வது. வா, எடு, கழுவு, தண்ணி வேணுமா, தூக்கம் வருதா. பிள்ளை பேசுகிற பாதி அதில் இல்லவே இல்லை. அதனால் தாகம் எடுத்தால் என்னிடம் வந்து “தண்ணி வேணுமா” என்பாள். கேள்வி இல்லை, அவளுக்கு வேண்டும் என்று அர்த்தம். ‘தண்ணி வேணுமா’ என்ற சத்தம் வந்தால் தண்ணீர் வரும் என்று மொத்தமாகப் பிடித்து வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். திருநெல்வேலியில் இருக்கிற மாமியாரோடு வீடியோ காலில் பேசும்போது “ஆச்சி, உக்காரு, வாயைத் தொற” என்றாள். ஆச்சி சிரித்தார், தாத்தா சிரிக்கவில்லை.

இதற்கு நாங்கள் செய்தது சின்ன வேலைதான். கேள்வியை நான் கேட்டால், பதிலைக் கணவர் அவள் பக்கத்தில் நின்று அவளுக்காகச் சொல்வார். “தண்ணி வேணுமா?” என்று நான் கேட்க, அவர் அவள் காதுக்குள் “வேணும்” என்பார். ஒரு மாதத்தில் சரியாகிவிட்டது. மரியாதைக்கு ஒரு பழைய பொம்மைக்கு ஆச்சி என்று பெயர் வைத்தோம். அந்தப் பொம்மை வந்தால் எல்லாவற்றிலும் ‘ங்க’ ஒட்ட வேண்டும்: வாங்க, உக்காருங்க, குடிங்க. இந்தப் பழக்கத்துக்கென்று தொடரில் ஒரு பாகம்கூடக் கிடையாது. தமிழ் சொல்லித் தருகிற தொடரில் அது இல்லாததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

சரி, இப்போது முக்கியமான விஷயம். மனப்பாடமாகச் சொல்கிறாளா, இல்லை மொழியே வந்துவிட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ‘தண்ணி ஊத்து’ என்ற ஒரு வாக்கியத்தில் நடந்ததைச் சொல்கிறேன். குளிக்கிற பாகத்தில் வரும், செம்பில் மொண்டு ஊற்றுவார்கள். எங்கள் வீட்டில் ஷவர், அதனால் பிளாஸ்டிக் கப் ஒன்று வாங்கினோம். நாலைந்து வாரம் அதே ‘தண்ணி ஊத்து’தான். பிறகு நான் வேண்டுமென்றே ஒரே ஒரு சொல்லை மாற்றினேன். காலையில் கார்ன் பிளேக்ஸ் கிண்ணத்தை வைத்து “பால் ஊத்து” என்றேன். ஒரு நொடி முழித்துவிட்டு ஊற்றினாள். மறுவாரம் தோசைக்கல் முன்னால் நின்று, யாரும் சொல்லாமலே, “மாவு ஊத்து.” தொடரில் இல்லாத, நானும் சொல்லிக்கொடுக்காத முதல் வாக்கியம் அது. அதன் பிறகு வால் பக்கம் போனோம்: நான் ஊத்துறேன், நான் ஊத்துனேன். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்தான். பொருளையும் வாலையும் சேர்த்து மாற்றினால் திரும்ப ஜெர்மனுக்குப் போய்விடுவாள்.

மூன்றே முக்கால் வயதில் ஒரு நாள் “அம்மா, நான் சட்டை போடுனேன்” என்றாள். போட்டேன் இல்லை, போடுனேன். அதே வாரம் “கீழே விழுனேன்.” கணவர் திருத்தப் போனார், நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். போடுனேன் என்று இந்த உலகத்தில் யாரும் அவளிடம் சொன்னதில்லை, தொடரும் சொல்லவில்லை. ஊத்துனேன், ஓடுனேன், பாடுனேன் எல்லாவற்றிலிருந்தும் அவளே ஒரு விதியை உருவி எடுத்து, அது செல்லாத இடத்திலும் போட்டுப் பார்த்திருக்கிறாள். மனப்பாடக்காரப் பிள்ளைக்கு இந்தத் தப்பு வராது, கேட்டதை அப்படியே சொல்லும். அதனால் இந்தத் தொடர்களைப் பயன்படுத்துகிறவர்கள் பிள்ளை எத்தனை வாக்கியம் சரியாகச் சொல்கிறது என்று எண்ணுவதைவிட, யாரிடமும் கேட்காத தப்பு ஏதாவது செய்கிறதா என்று பாருங்கள். திருத்துவதற்குப் பதிலாக நான் “ஓ, போட்டியா? நீயே போட்டியா?” என்று மட்டும் கேட்டு வைப்பேன்.

இனி சில்லறைக் குறைகள். வாக்கியம் பேச்சுத் தமிழில் வருகிறது, பாட்டு எழுத்துத் தமிழில் வருகிறது. ‘பல் வெளக்கு’ என்று காட்டிவிட்டுப் பாட்டில் ‘துலக்குகிறேன்’. நாலு வயதுக்கு முன்னால் இது வேண்டாத குழப்பம் என்று நினைக்கிறேன். அவள் ஆச்சியிடம் “நான் உண்கிறேன்” என்று சொன்னபோது அங்கே அத்தை பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அதற்கப்புறம் இரண்டு நாள் தமிழே பேசவில்லை. மாடிக்கு மேலே இருக்கிற யாழ்ப்பாணத்து அக்கா வீட்டில் ‘பல்லுத் தீட்டு’ என்பார்கள், அவர்களுக்கு இந்தத் தொடர் முதல் பாகத்திலேயே அந்நியமாகிவிட்டது. வாங்குவதற்கு முன் இரண்டு பாகம் பார்த்து, அது உங்கள் வீட்டுப் பேச்சா என்று கேட்டுக்கொள்வது நல்லது. பிள்ளை பதில் சொல்ல விடுகிற இடைவெளி மூன்று விநாடிதான் இருக்கும், அதிலும் பின்னணி இசை ஓடும். நான் ஒவ்வொரு தடவையும் கையால் நிறுத்தி, பத்து வரை மனதுக்குள் எண்ணுவேன். பெரும்பாலும் ஏழு, எட்டில் பதில் வரும்.

தொடரில் காட்டுகிற நாளும் எங்கள் நாள் இல்லை. தலைக்கு எண்ணெய், வாசலில் கோலம், செருப்பு. இங்கே நவம்பர் வந்தால் காலையில் பெரிய போராட்டமே கையுறையும், மழையில் விளையாட மேலே மாட்டுகிற மட்ச்ஹோசெயும்தான். அதற்குத் தமிழில் சொல் இல்லாமல் நாங்களே ‘சேத்துப் பேன்ட்’ ஆக்கினோம். “காலை விடு, இழு, மாட்டு, ஆச்சா?” என்று நாலு வாக்கியம் எழுதிச் செருப்பு அலமாரிக்கு மேலே ஒட்டியிருக்கிறேன். கடைசி ஒரு வருஷமாகத் தொடரை விட இந்த மாதிரிச் சீட்டுகள்தான் வேலை செய்கின்றன. அடுத்த மாதம் சந்தா முடிகிறது, புதுப்பிக்கவில்லை. மூன்று வயதுக்கு முன்பின் பிள்ளை இருந்து, பக்கத்தில் உட்கார உங்களுக்கு ஒரு பதினைந்து நிமிஷம் இருந்தால் ஒரு வருஷச் சந்தா போதும்.

‘விழுனேன்’ போன கோடையில் ‘விழுந்தேன்’ ஆகிவிட்டது. ‘போடுனேன்’ மட்டும் இன்னும் இருக்கிறது. போன வாரம் ஆச்சியே போனில் “சாப்பிட்டு பாத்திரத்தைக் கழுவிப் போடுனேன்டி” என்றார், வேண்டுமென்றேதான். அவள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை.