ஒல்லிக் கைக்கு ஒரு சின்ன வாட்ச்: சில மழைக்காலங்களுக்குப் பிறகு

தையல் டேப்பால் அளந்தால் என் மணிக்கட்டின் சுற்றளவு 14 சென்டிமீட்டர். மேல்பக்கம் தட்டையாக இருக்கும் இடம் 4 சென்டிமீட்டரைத் தாண்டாது. அதனால் வாட்ச் வாங்கும்போது டயல் எவ்வளவு என்று மட்டும் கேட்பதை விட்டுவிட்டேன். ஸ்ட்ராப் மாட்ட மேலும் கீழும் நீளும் காதுகள் இருக்கிறதே, ஒரு நுனியிலிருந்து மறு நுனிவரை அதுதான் கணக்கு. நான் போட்டிருப்பதில் கேஸ் 28 மில்லிமீட்டர், காதுக்குக் காது 34. நுனிகள் கீழ்நோக்கி வளைந்திருப்பதால் கையோடு ஒட்டி உட்காருகிறது. அதே 28-இல் காது நீண்டு நேராக இருந்த இன்னொன்று, கைக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

டயலில் என் பிடிவாதம் ஒன்றுதான்: வெள்ளைத் தளம், கறுப்பு முள், பன்னிரண்டு எண்களும். முத்துச்சிப்பி டயல் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாகத்தான் இருக்கும். ஆனால் அதன் மேல் பளபளக்கும் வெள்ளி முள், கையைக் கொஞ்சம் திருப்பினால் காணாமல் போகும். கடையில் படிக்கும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கையை நீட்டி, விளக்குக்கு அடியில் இப்படியும் அப்படியும் சாய்த்துப் பார்த்தேன். நிமிட முள் ஓரத்துக் கோடுகளைத் தொடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முள் குட்டையாக இருந்தால் 8:17-ஆ 8:20-ஆ என்று தெரியாது. மும்பை லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடுகிறவர்களுக்கு அந்த வித்தியாசம் பெரிது.

ஸ்ட்ராப்தான் அதிகம் படுத்தியது. கூட வந்த தோல் ஸ்ட்ராப் கடைசி ஓட்டையிலும் தொளதொள. கடைக்காரர் புதிதாக ஓட்டை போட்டுக் கொடுத்தார். கையில் இறுகியது சரி, ஆனால் வால் நீண்டு புடவையில் சிக்கியது, பக்கிளும் மணிக்கட்டின் நடுவே நிற்காமல் ஒருபக்கமாக ஒதுங்கியது. ஓட்டை போடுவதைவிட, இரண்டு துண்டுமே குட்டையாக வரும் ஸ்ட்ராப்பைக் கேட்டு வாங்குவதே மேல். எனக்குப் பொருந்தியது பக்கிள் பக்கம் 65, ஓட்டைப் பக்கம் 105 மில்லிமீட்டர்.

மும்பை வியர்வைக்குத் தோல் தாங்கவில்லை. மழைக்காலம் முடிவதற்குள் உள்பக்கம் கறுத்து நாற்றம் வந்துவிட்டது. அப்புறம் நைலானுக்கு மாறினேன். வாட்சுக்கு அடியில் ஓடும் ஒற்றைத் துண்டு நைலான் ஒல்லிக் கைக்கு ஆகாது, வாட்சை மேலே தூக்கிவிடும். இரண்டு துண்டாக வருவதே நல்லது. சோப்பு நீரில் அலசிக் காற்றில் உலர்த்தினால் மறுநாள் போட்டுக்கொள்ளலாம். பின்மூடியில் 30 மீட்டர் என்றிருப்பது தண்ணீர் தெறித்தால் தாங்கும் என்கிற அளவுக்குத்தான், நனைந்தபடி நடப்பதற்கு அல்ல. ஒரு கனமழைக்குப் பிறகு கண்ணாடிக்குள் ஆவி படிந்தது. மாட்டுங்காவில் ஒரு வாட்ச் கடையில் கொடுத்துத் திறந்து உலர்த்தி, ரப்பர் வளையத்தை மாற்றினேன். இப்போது பேட்டரி மாற்றும்போதெல்லாம் வளையத்தையும் பார்க்கச் சொல்லிவிடுகிறேன்.

குறை என்றால், முள்ளில் ஒளிரும் பூச்சு இல்லை. இருட்டில் மணி பார்க்க விளக்கு வேண்டும்.