கேட்டதும் குறைப்பதா, உறுதி வாங்கிக் குறைப்பதா?

"50 பாய் எடுத்தா எவ்வளவு குறைப்பீங்க அண்ணாச்சி?" பத்தமடையில் கல்யாணப் பாய் விற்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி. விலை 600, அடக்கம் 480.

உடனே 10 சதவீதம் குறைத்தால் 120 ரூபாய் லாபத்தில் பாதி போய்விடும். அவரோ எதற்கும் சம்மதிக்கவில்லை; 540-லிருந்தே மறுபடி பேரம் தொடங்குவார். இப்படிப் பலமுறை இழந்திருக்கிறேன்.

இப்போது எழுதுவது: "வெள்ளிக்குள் எண்ணிக்கை, தேதி உறுதி செய்து பாதி முன்பணம் தந்தால் 570. இன்னும் குறைய வேண்டுமென்றால் பொண்ணு, மாப்பிள்ளை பேர் நெய்யாமல் 520." பேர் நெய்யும் வேலை மிச்சமாவதால் அடக்கம் 410-க்கு இறங்கும், லாபம் கெடாது. சும்மா விலை விசாரிக்கிறவர் தேதியே சொல்ல மாட்டார், அதிலேயே தெரிந்துவிடும்.

நெய்து தேங்கிய பாய்க்கு மட்டும் முதல் வழி சரி.