ஞானப்பல்லுக்கு ஓபிஜி போதுமா, கோன் பீம் வேண்டுமா?

கீழ் ஞானப்பல் படுத்தவாக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறது, எடுத்தாக வேண்டும். தாடை முழுவதும் ஒரே எக்ஸ்ரே படத்தில் தெரியும் ஓபிஜி கையில் இருக்கிறது. முப்பரிமாணத்தில் காட்டும் கோன் பீம் எக்ஸ்ரே ஸ்கேனும் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு முதல் பயம் கதிர்வீச்சுதான். சரி, அங்கிருந்தே வருவோம்.

உலக சராசரியில் மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் ஒருவர் உடம்பில் நாளொன்றுக்குச் சேரும் கதிர்வீச்சு, அதை அளக்கும் அலகில் சுமார் ஆறரை மைக்ரோசீவெர்ட். வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படம் பெரும்பாலும் அந்த ஒரு நாள் கணக்கைத் தாண்டாது. ஓபிஜி சில நாள் கணக்கு. கோன் பீமுக்கு மட்டும் ஒரே எண் சொல்ல முடியாது. சில பத்துகளில் தொடங்கி ஆயிரம் மைக்ரோசீவெர்ட் வரை போகும். பெரும் வித்தியாசம் படம்பிடிக்கும் பரப்பில் இருக்கிறது. ஒரு பல்லைப் பார்க்க 5 செ.மீ. உயரமும் 5 செ.மீ. அகலமும் போதும். முழு முகத்தையும் எடுத்தால் கணக்கு எகிறிவிடும். அதனால் "எவ்வளவு பரப்புக்கு எடுக்கிறீர்கள்?" என்று கேட்பதுதான் உருப்படியான கேள்வி.

ஓபிஜி தட்டையான படம். பல்லின் வேரும் அதன் அருகே ஓடும் நரம்புக் குழாயும் ஒன்றன்மேல் ஒன்றாக விழும். குழாய் நாக்குப் பக்கமா, கன்னப் பக்கமா என்று தெரியாது. ஆனால் துப்பு கிடைக்கும். குழாயின் ஓரத்து வெள்ளைக் கோடு வேரைக் கடக்கும் இடத்தில் அறுந்திருந்தாலோ, அங்கே வேர் கறுத்திருந்தாலோ, இரண்டும் ஒட்டியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த அடையாளம் எதுவும் இல்லையென்றால், என் கணக்கில் ஓபிஜியே போதும். இருந்தால் சின்னப் பரப்புக் கோன் பீம் எடுக்கலாம். குறுக்குவெட்டில் இடையே எலும்பு இருக்கிறதா என்று தெரியும். வேரை விட்டுவிட்டு மேல்பகுதியை மட்டும் வெட்டியெடுக்கும் முடிவுக்கும் அது உதவும். ஆனால் ஸ்கேன் எடுத்ததாலேயே நரம்புக் காயம் குறையும் என்று ஆய்வுகள் தெளிவாகக் காட்டவில்லை.

நுணுக்கத்தில் வாய்க்குள் வைத்து எடுக்கும் சின்னப் படம்தான் கோன் பீமைவிடக் கூர்மை. பக்கத்தில் உலோகத் தொப்பி போட்ட பல் இருந்தால் கோன் பீமில் கறுப்புக் கீற்றுகள் ஓடும். அதை விரிசல் என்று நம்பி ஏமாறுவதும் உண்டு.

அப்புறம் ஈயக் கவசம். அது தேவையில்லை, கழுத்துப் பட்டையும் வேண்டாம் என்று அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 2024-இல் பரிந்துரைத்தது, கர்ப்பிணிகளுக்கும் அதேதான். வயிற்றுக்குப் போய்ச் சேரும் துளி கதிர் பெரும்பாலும் தலைக்குள் சிதறி உடம்பின் வழியாகவே இறங்குவது. வெளியே போர்த்தும் கவசம் அதைத் தடுக்காது. சின்னப் படத்துக்குக் கதிரைப் படத்தின் அளவுக்குச் செவ்வகமாகக் குறுக்குவதுதான் உண்மையான காப்பு. ஓபிஜியில் பட்டை தொந்தரவும்கூட. கதிர் கழுத்துக்குப் பின்னாலிருந்து வருவதால், பட்டை குறுக்கே நின்றால் கீழ்த்தாடையில் வெள்ளை நிழல் விழும். மறுபடி எடுக்க வேண்டிவந்தால் அளவு இரட்டிப்பு.